வழி தவறிய டிரெக்கர்... போனில் தெரியும் இரண்டு எண்கள்! மீட்புக் குழு அதை வைத்து எப்படி வருகிறது?

2022 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரு அருகே உள்ள நந்தி மலைக்கு தனியாக டிரெக்கிங் போன 19 வயது கல்லூரி மாணவர் ஒருவர், பிரம்மகிரி பாறைப் பகுதியில் கால் வழுக்கி விழுந்தார். சுமார் 300 அடிக்குக் கீழே பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டார். மேலே ஏறவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. கையில் இருந்த போன் மட்டும் வேலை செய்தது. அதிலிருந்து போலீசுக்குத் தகவல் சொல்லி, தான் இருக்கும் லொகேஷனையும் அனுப்பினார்.

பேரிடர் மீட்புப் படையினர் முதலில் முயற்சி செய்தனர். தரை வழியாக அவரிடம் போக முடியவில்லை. இதையடுத்து சிக்கபள்ளாப்பூர் மாவட்ட நிர்வாகம் எலகங்கா விமானப்படைத் தளத்தின் உதவியைக் கேட்டது. எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்தது. உள்ளூர் போலீசார் வழிகாட்ட, தேடிப் பார்த்து மாணவர் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தனர். ஹெலிகாப்டர் இறங்க அங்கு இடமே இல்லை. அதனால் விமானப்படை வீரர் ஒருவர் கயிறு மூலம் கீழே இறக்கப்பட்டு, மாணவரை மேலே தூக்கி வந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லொகேஷன் கையில் இருந்தும் ஹெலிகாப்டர் தேட வேண்டியிருந்தது. அப்படியானால் போன் காட்டும் எண்கள் எவ்வளவு துல்லியமானவை? நெட் இல்லாமல், பேச மட்டுமே சிக்னல் இருந்தால் அந்த எண்களை எப்படிச் சொல்வது? எங்கே தவறு நடக்கிறது?

நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். பலரும் குழம்புவது இங்கேதான். மேப்பில் படம் வருவதற்குத்தான் இன்டர்நெட் வேண்டும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டாம். போனுக்குள் இருக்கும் ஜிபிஎஸ் ரிசீவர் செயற்கைக்கோள்களின் சிக்னலை நேரடியாக வாங்கி, இடத்தைத் தானே கணக்கிடுகிறது. ஏரோபிளேன் மோடில் வைத்தாலும் இப்போதைய ஸ்மார்ட்போன்களில் இது நடக்கும்.

ஒரே வித்தியாசம் நேரம். நெட் இருந்தால் எந்த செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலை போன் உடனே டவுன்லோட் செய்துகொள்ளும். நெட் இல்லாவிட்டால் அதையும் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாக வாங்க வேண்டும். அதற்கு சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை மேப்பில் தெரியும் புள்ளி, அரை மணி நேரத்துக்கு முன்பு நீங்கள் நின்ற இடமாகக்கூட இருக்கலாம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுள் மேப்ஸில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர் நீல வட்டம் தெரியும். அந்த வட்டம் பெரிதாக இருந்தால், 'இதற்குள் எங்கோ இருக்கிறீர்கள்' என்று போன் சொல்கிறது என்று அர்த்தம். புள்ளி நீலமாக இல்லாமல் சாம்பல் நிறமாக இருந்தால் அது பழைய இடம். மரமும் பாறையும் மறைக்காத இடமாகப் பார்த்து, வானம் தெரியும்படி போனைப் பிடித்து, அசையாமல் காத்திருந்தால் வட்டம் சுருங்கும். சுருங்கிய பிறகு வரும் எண்ணைத்தான் சொல்ல வேண்டும்.

திறந்தவெளியில் ஸ்மார்ட்போனின் ஜிபிஎஸ் பொதுவாக 5 மீட்டர் அளவுக்குத் துல்லியம் காட்டும். ஆனால் செங்குத்துப் பாறைக்கு அடியில் நிலைமை வேறு. ஒரு பக்க வானத்தை பாறை மறைத்துவிடும். மறுபக்கத்திலிருந்து வரும் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பியும் வரும். அதனால் எண் பல மீட்டர் தள்ளிப் போகும். ஒரே இடத்தில் அசையாமல் இருந்தும் எண் மாறிக்கொண்டே இருந்தால் இதுதான் காரணம். அப்போது 'எண் ஆடிக்கொண்டே இருக்கிறது' என்பதையும் மீட்புக் குழுவிடம் சொல்லிவிட வேண்டும்.

எண்ணை எங்கே பார்ப்பது?

ஆண்ட்ராய்டு போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, நீலப் புள்ளியின் மேல் விரலை சில நொடி அழுத்திப் பிடித்தால் சிவப்பு பின் விழும். அதோடு இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, அதாவது பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே எவ்வளவு என்பது. இரண்டாவது தீர்க்கரேகை, கிழக்கே எவ்வளவு என்பது. இந்த ஜோடியைத்தான் கோஆர்டினேட்ஸ் என்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பின் நீங்கள் நிற்கும் இடத்தில் விழுவதில்லை, விரல் பட்ட இடத்தில்தான் விழும். மேப் சிறிதாகத் தெரியும்போது அழுத்தினால், விரல் கொஞ்சம் விலகினாலே நிஜத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிப் போய்விடும். அதனால் முதலில் மேப்பை முடிந்தவரை ஜூம் செய்து, நீலப் புள்ளி திரையின் நடுவில் பெரிதாகத் தெரிந்த பிறகே அழுத்த வேண்டும்.

ஐபோனில் காம்பஸ் ஆப்பைத் திறந்தாலே போதும். அடியில் எண்கள் தெரியும். ஆனால் அவை கூகுள் மேப்ஸ் காட்டும் வடிவத்தில் இருக்காது. மீட்புக் குழுவே வேறு ஊருக்குப் போய்விடும் அளவுக்குத் தவறு நடப்பது இந்த வித்தியாசத்தில்தான்.

ஒரே இடம், இரண்டு விதமான எண்கள்

நந்தி மலை உச்சிப் பகுதியில் ஒரு இடத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கூகுள் மேப்ஸ் அதை இப்படிக் காட்டும்:

```
13.3702, 77.6835
```

அதே இடத்தை ஐபோன் காம்பஸ் இப்படிக் காட்டும்:

```
13°22'13" N   77°41'1" E
```

இரண்டும் சரிதான். முதலாவது தசம முறை. இரண்டாவது கடிகாரம் மாதிரி. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 செகண்ட். அதாவது 13 டிகிரிக்கு மேல் 0.3702 டிகிரி இருக்கிறது. அதை 60-ஆல் பெருக்கினால் 22.212 நிமிடம். அதில் மிச்சமுள்ள 0.212-ஐ மறுபடி 60-ஆல் பெருக்கினால் சுமார் 13 செகண்ட்.

இப்போது போனில் ஒருவர் 'பதிமூணு, இருபத்திரெண்டு, பதிமூணு' என்று வேகமாகச் சொல்கிறார். கேட்பவர் அதை 13.2213 என்று எழுதிக்கொள்கிறார். அடுத்ததை 77.411 என்று எழுதுகிறார். பார்க்க இரண்டும் சரியான எண்கள் மாதிரியே இருக்கும். மேப்பில் போட்டால் கர்நாடகாவுக்குள்ளேயே ஒரு இடத்தைக் காட்டும். ஆனால் அந்த இடம் நந்தி மலையிலிருந்து சுமார் 34 கிலோமீட்டர் தள்ளி, தொட்டபள்ளாப்பூரையும் தாண்டி தென்மேற்கே இருக்கும்.

'புள்ளி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'டிகிரி' என்றும், 'டிகிரி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'புள்ளி' என்றும் மாறினால் இதுதான் விளைவு. ஹெலிகாப்டர்களில் மூன்றாவதாக இன்னொரு முறையும் வழக்கத்தில் உண்டு. டிகிரி, நிமிடம் வரை சொல்லி, நிமிடத்துக்குப் பிறகு தசமம் வைப்பார்கள். மேலே உள்ள இடமே அந்த முறையில் 13 டிகிரி 22.212 நிமிடம் ஆகும். ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது மீட்புக் குழுவின் வேலை. சிக்கியவர் அதற்கு முயற்சி செய்யக் கூடாது. திரையில் என்ன இருக்கிறதோ, குறிகளோடு சேர்த்து அப்படியே படித்தால் போதும்.

எத்தனை இலக்கம் சொல்ல வேண்டும்?

ஒரு டிகிரி அட்சரேகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். தசம முறையில் புள்ளிக்குப் பிறகு வரும் ஒவ்வொரு இலக்கமும் இதைப் பத்தால் வகுக்கும். இரண்டு இலக்கம் சொன்னால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் இடம் தெரியும். மூன்று சொன்னால் 110 மீட்டர், நான்கு சொன்னால் 11 மீட்டர். ஐந்து சொன்னால் ஒரு மீட்டர்.

ஆகவே நான்கு இலக்கம் போதும். போனின் ஜிபிஎஸ்ஸே சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும் என்பதால் ஆறாவது, ஏழாவது இலக்கத்தால் பயனில்லை. கூடுதலாகப் படிக்கப் படிக்க தவறும் கூடும், சார்ஜும் குறையும். ஆனால் முன்னால் உள்ள இலக்கம் ஒன்று மாறினாலும் ஆபத்துதான். 13.3702 என்பது 13.3102 என்று கேட்டுவிட்டால் ஆறரை கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

போனில் எப்படிச் சொல்வது?

நந்தி மலையில் நடந்தது போன்ற ஒரு அழைப்பு தமிழில் நடந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். இது கற்பனை உரையாடல்தான். எண்கள் மேலே பார்த்த அதே எண்கள்.

"சார், டிரெக்கிங் வந்த இடத்துல வழுக்கி விழுந்துட்டேன் சார். மேல ஏற முடியல."

"பதறாதீங்க தம்பி. இருக்கிற இடத்தை விட்டு நகராதீங்க. உங்க இடத்தோட நம்பர் போன்ல தெரியுதா?"

"தெரியுது சார். பதிமூணு, இருபத்திரெண்டு..."

"ஒரு நிமிஷம். நம்பருக்கு நடுவுல புள்ளி இருக்கா, இல்ல டிகிரி குறி இருக்கா?"

"மேல சின்ன வட்டம் இருக்கு சார். டிகிரிதான்."

"சரி. இப்ப ஒவ்வொரு எண்ணா தனித்தனியா சொல்லுங்க."

"வடக்கு. ஒண்ணு, மூணு, டிகிரி. ரெண்டு, ரெண்டு, நிமிஷம். ஒண்ணு, மூணு, செகண்ட்."

"திருப்பிச் சொல்றேன், கேளுங்க. வடக்கு, ஒண்ணு மூணு டிகிரி, ரெண்டு ரெண்டு நிமிஷம், ஒண்ணு மூணு செகண்ட். சரியா?"

"சரி சார். கிழக்கு, ஏழு, ஏழு, டிகிரி. நாலு, ஒண்ணு, நிமிஷம். ஒண்ணு, செகண்ட்."

"கடைசில ஒண்ணா, பதினொண்ணா?"

"ஒண்ணு மட்டும்தான் சார்."

"நீங்க பாறைக்கு மேல இருக்கீங்களா, கீழயா?"

"கீழ சார். உச்சியில இருந்து விழுந்து நடுவுல ஒரு திட்டு மாதிரி இடத்துல இருக்கேன்."

இந்த உரையாடலில் மீட்பவர் செய்தவை நான்கு. முதலில் எண்ணின் வடிவம் எது என்று கேட்டார். அடுத்து இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்ல வைத்தார். தமிழில் இது ரொம்ப முக்கியம். சிக்னல் விட்டு விட்டு வரும்போது 'அறுபத்தேழு', 'எழுபத்தேழு' இரண்டும் ஒன்று போலக் கேட்கும். 'ஆறு ஏழு', 'ஏழு ஏழு' என்று சொன்னால் அந்தக் குழப்பம் வராது. மூன்றாவதாக, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார். கடைசி இலக்கம் ஒன்றா பதினொன்றா என்று அவர் கேட்டதும் வீண் கேள்வி இல்லை. அந்த 10 செகண்ட் வித்தியாசம் தரையில் சுமார் 300 மீட்டர்.

நான்காவது கேள்விக்கு போனில் பதில் கிடைக்காது. மேப் தட்டையானது. 300 அடி செங்குத்துப் பாறையின் உச்சியில் நிற்பவருக்கும், அதன் நடுவில் சிக்கியவருக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும். மேலே இருந்து கயிறு போடுவதா, கீழே இருந்து ஏறுவதா, ஹெலிகாப்டரை அழைப்பதா என்பதை முடிவு செய்ய, சிக்கியவர் தன் கண்ணால் பார்ப்பதைச் சொல்ல வேண்டும். மேலே பாறை, கீழே ஓடை, எதிரே தெரியும் டவர், எந்தப் பக்கம் வெயில் படுகிறது போன்றவை உதவும்.

எண் சரியா என்று உடனே பார்க்க ஒரு வழி

இந்தியாவுக்குள் எங்கே இருந்தாலும் அட்சரேகை ஏறக்குறைய 6-இல் இருந்து 37-க்குள் இருக்கும். தீர்க்கரேகை 68-இல் இருந்து 97-க்குள் இருக்கும். தமிழ்நாட்டில் முதல் எண் 8 முதல் 13-க்குள் தொடங்கும், இரண்டாவது 76 முதல் 80-க்குள் தொடங்கும். ஆக, நம்ம ஊரில் சிறிய எண் முதலில், பெரிய எண் பிறகு.

வரிசை மாறினால் என்ன ஆகும்? 77.6835, 13.3702 என்று தேடினால் மேப் ஆர்க்டிக் பகுதியில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். அதனால் இதில் ஆபத்து குறைவு. முன்பு பார்த்த 34 கிலோமீட்டர் தவறுதான் கண்ணில் படாமல் தப்பிவிடும். மலையேறப் போனவரின் இடம் சமவெளி வயலில் காட்டினால், உடனே எண்ணை மறுபடி கேட்க வேண்டும்.

பேசவே சிக்னல் இல்லையா?

முதலில் 112-ஐ முயற்சி செய்ய வேண்டும். உங்கள் சிம் நிறுவனத்தின் டவர் கிடைக்காவிட்டாலும், அந்த இடத்தில் வேறு நிறுவனத்தின் டவர் கிடைத்தால் அதன் வழியாக அவசர அழைப்பு போகும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

அழைப்பு போகாத இடத்தில் எஸ்எம்எஸ் போக வாய்ப்பு உண்டு. பேசுவதற்கு சிக்னல் தொடர்ந்து இருக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு சில நொடி கிடைத்தாலே போதும். வீட்டில் உள்ள ஒருவருக்கோ நண்பருக்கோ இப்படி ஒரே மெசேஜில் எல்லாவற்றையும் அனுப்பலாம்:

```
வழி தவறிட்டேன். கால்ல அடி. தனியா இருக்கேன்.
13.3702, 77.6835
பாறைக்குக் கீழே. நேரம் 4.10. சார்ஜ் 22%.
இங்கேயே இருப்பேன். 112க்கு சொல்லுங்க.
```

நேரத்தைக் குறிப்பிடுவது அவசியம். மெசேஜ் இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தாலும், அந்த எண் எப்போது எடுத்தது என்று தெரியும்.

அனுப்பியதும் 'போயிருக்கும்' என்று நம்பிவிடவும் கூடாது. 2013 ஜூலையில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் அப்பலேச்சியன் பாதையில் நடந்து சென்ற 66 வயது பெண், பாதையை விட்டுக் கொஞ்சம் விலகியதில் வழி தவறினார். கணவருக்குத் திரும்பத் திரும்ப மெசேஜ் அனுப்பினார். அங்கே சிக்னல் இல்லாததால் ஒன்றுகூடப் போகவில்லை. காட்டில் வாரக்கணக்கில் உயிரோடு இருந்து காத்திருந்திருக்கிறார் என்பது அவருடைய டைரியிலிருந்து பிறகு தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 அக்டோபரில்தான் அவரது உடல் கிடைத்தது. மெசேஜுக்குக் கீழே 'அனுப்பப்படவில்லை' என்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால், பாதுகாப்பாகப் போக முடிகிற தூரத்தில் கொஞ்சம் உயரமான, திறந்த இடத்திலிருந்து மறுபடி அனுப்ப வேண்டும். இடம் மாறிவிட்டால் எண்ணையும் புதிதாக எடுக்க வேண்டும்.

எண்ணைச் சொன்ன பிறகு என்ன செய்ய வேண்டும்?

முதல் விஷயம், நகரக் கூடாது. நீங்கள் சொன்ன எண்ணுக்குத்தான் குழு வருகிறது. அவர்கள் நான்கு மணி நேரம் நடந்து வரும்போது, 'பாதை தெரியுது மாதிரி இருக்கு' என்று நீங்கள் இறங்கிப் போனால் தேடல் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வெள்ளம், பாறை சரிவு மாதிரி ஆபத்து வந்து நகர்ந்தே ஆக வேண்டும் என்றால், புதிய எண்ணை உடனே சொல்ல வேண்டும்.

அடுத்தது சார்ஜ். சிக்னல் பலவீனமான இடத்தில் டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜைத் தீர்த்துவிடும். 'ஒவ்வொரு மணி நேரமும் ஐந்து நிமிஷம் ஆன் பண்றேன்' என்று மீட்புக் குழுவோடு பேசி வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் ஏரோபிளேன் மோடில் வைக்கலாம். எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதோடு, கையிலோ பேப்பரிலோ எழுதியும் வைத்தால் வேறு போன் கிடைத்தால்கூடச் சொல்ல முடியும்.

மூன்றாவது, தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பை எடுக்க வேண்டும். 2021 அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோவில் எல்பர்ட் மலைக்குப் போன ஒருவர் இரவு முழுவதும் வழி தவறி அலைந்தார். மீட்புக் குழுவினர் அவருக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தும் அவர் எடுக்கவில்லை. ஏதோ தெரியாத நம்பர் என்று விட்டுவிட்டதாகப் பிறகு தெரிந்தது. நம் ஊரில் ஸ்பேம் கால்களுக்குப் பயந்து தெரியாத நம்பர்களை பிளாக் செய்யும் செட்டிங் பலர் போனில் ஆனில் இருக்கிறது. மலையேறும் நாளில் அதை ஆஃப் செய்துவிட்டுப் போவது நல்லது.

கடைசியாக, குழு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்தால் கண்ணுக்கும் காதுக்கும் வேலை கொடுக்க வேண்டும். எண் அவர்களை உங்களுக்குச் சில பத்து மீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அடர்ந்த சோலைக்காட்டில் அந்தத் தூரத்திலும் ஆள் தெரியாது. பளிச்சென்ற துணியை விரித்து வைப்பது, விசில் ஊதுவது, இருட்டிவிட்டால் போன் டார்ச்சை அணைத்து அணைத்துக் காட்டுவது என இவை எல்லாம் அந்தக் கடைசி சில மீட்டருக்காகத்தான். அதுவரை டார்ச் எரியாமல் இருந்தால்தான், அந்த நேரத்தில் காட்ட சார்ஜ் மிச்சம் இருக்கும்.